மிக்ஸியின் குமிழ் எந்தப் பக்கம் சாயும்?

இணையதளத்தின் முகப்பில் பெரிதாக வைக்க ஒரு மிக்ஸியை ஐசோமெட்ரிக் முறையில் வரைகிறோம் என்று வைத்துக்கொள்வோம். செங்குத்துக் கோடுகள் நேராக நிற்கும். அகலமும் ஆழமும் கிடைக்கோட்டிலிருந்து 30 டிகிரி சாய்ந்து ஓடும். பின்னால் இருப்பது சிறுக்காது. இயந்திரங்களை விளக்குவதற்காகக் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் வில்லியம் ஃபாரிஷ் 1822-இல் விளக்கி எழுதிய முறை இது.

பெட்டி போன்ற உடற்பகுதி எளிது. வட்டத்தில்தான் கை பிசகும். ஜாரின் மூடி படுத்த நீள்வட்டமாகும். அதன் அகலம் உயரத்தைப் போல் சுமார் 1.73 மடங்கு. முன்பக்கக் குமிழுக்கும் அதே விகிதம்தான். ஆனால் அதன் நீள அச்சு கிடைக்கோட்டுக்கு 60 டிகிரியில் சாய வேண்டும். பலர் அதை நேராக நிறுத்திவிடுகிறார்கள். அப்போது குமிழ் உடலோடு ஒட்டாமல் பெயர்ந்து நிற்பதுபோல் தெரியும்.

பிளெண்டரில் செய்பவர்கள் கேமராவை Orthographic ஆக்கி, X சுழற்சியை 54.736, Z சுழற்சியை 45 டிகிரி என வைக்கலாம். பிறகு பக்கத்தில் இன்னொரு ஜாரைச் சேர்த்தாலும் கேமராவின் சுழற்சியை மாற்றாதீர்கள். முடித்ததும் ஒரு 30 டிகிரி கோட்டை விளிம்புகள்மேல் நகர்த்திப் பாருங்கள். விலகும் பகுதியைத் தயங்காமல் மறுபடி வரையுங்கள்.