16 ஜிபியா, 32 ஜிபியா? கேம் ஆடுபவர்கள் ராம் வாங்கும் முன்

சென்னை ரிச்சி தெருவில் புதிதாகக் கணினி அசெம்பிள் செய்ய வருகிறவர்கள், பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் முடிவானதும் ஓர் இடத்தில் தயங்கி நிற்பார்கள். ராம் 16 ஜிபி போதுமா, 32 போடலாமா? சில ஆண்டுகளுக்கு முன்பு இரண்டுக்கும் விலை வித்தியாசம் பெரிதில்லை, யோசிக்காமல் பெரியதை எடுத்துவிடலாம். 2025ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில், உலகெங்கும் டேட்டா சென்டர்கள் நினைவகச் சிப்புகளை அள்ளிக்கொள்ள, ராம் விலை மளமளவென்று ஏறியது. அதன்பின் இந்தத் தயக்கத்துக்குப் பொருள் கூடிவிட்டது. தேவையில்லாமல் 32 வாங்கினால் அந்தப் பணம் கிராபிக்ஸ் கார்டுக்குப் போகாமல் வீணாகும். தேவையிருந்தும் 16 வாங்கினால் ஆட்டம் நடுவில் திணறும்.

கேம் நிறுவனங்கள் தரும் பட்டியலைப் பார்த்து முடிவெடுக்கலாமே என்று தோன்றும். பட்டியல் ஓரளவுக்கு உதவும். கவுண்டர் ஸ்ட்ரைக் 2க்கு 8 ஜிபி போதும். ஸ்டார்ஃபீல்டு 16 கேட்கிறது. 2024இல் வந்த மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரும், அதே ஆண்டின் இண்டியானா ஜோன்ஸ் கேமும் குறைந்தபட்சமாக 16, பரிந்துரையாக 32 என்று போட்டிருக்கின்றன. ஆனால் இந்தப் பட்டியல்களில் நீங்கள் திறந்து வைத்திருக்கும் குரோம் டேப்களுக்கு ஒரு வரிகூடக் கிடையாது. நண்பர்களோடு பேச டிஸ்கார்டு, ஆட்டத்தைப் பதிவுசெய்ய ஓபிஎஸ், பக்கத்துத் திரையில் யூடியூப் என்று ஆடுகிற வீட்டில், கேம் கேட்பதோடு கணக்கு முடிந்துவிடாது.

அந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்போம். 16 ஜிபி ராம் உள்ள ஒரு விண்டோஸ் 11 கணினி. வன்பொருளுக்கு ஒதுக்கியதுபோக ஏறக்குறைய 15.7 ஜிபி பயன்பாட்டுக்குக் கிடைக்கிறது. கணினி திறந்தவுடன் விண்டோஸும் தானாக ஓடத் தொடங்கும் செயலிகளும் 4.5 ஜிபி எடுத்துக்கொள்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஸ்டீம் போன்ற லாஞ்சர்களுக்கு 0.7. பெரிய கேம் ஒன்றுக்கு 9. கூட்டினால் 14.2 ஜிபி. இடம் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, ஆட்டம் சீராக ஓடும். இதே கணினியில் இருபது டேப்களோடு குரோமைத் திறந்து வைத்தால் இன்னொரு 2.5, டிஸ்கார்டுக்கு 0.5, ஓபிஎஸ்ஸுக்கு 0.6. மொத்தம் 17.8. இருக்கும் இடத்தைவிட இரண்டு ஜிபிக்கு மேல் அதிகம்.

இப்படி இடம் போதாமல் போனாலும் கணினி உடனே நின்றுவிடாது. அப்போதைக்குக் கை படாத பொருட்களைப் பரணில் ஏற்றுவதுபோல, சற்று நேரமாகப் பயன்படாத பகுதிகளை விண்டோஸ் முதலில் சுருக்கி வைக்கும். அதுவும் போதாதபோது டிஸ்கில் உள்ள pagefile.sys என்ற கோப்புக்குத் தள்ளும். குரோமில் மறந்துபோன டேப்கள் அங்கே போனால் யாருக்கும் நஷ்டமில்லை. கேம் அடுத்த கணம் கேட்கப்போகும் பகுதியும் சேர்ந்து போய்விடும்போதுதான் சிக்கல்.

அது ஏன் கண்ணுக்குத் தெரிகிறது என்பதற்கு நேரக் கணக்குதான் பதில். வினாடிக்கு 60 பிரேம் வேண்டுமானால் ஒவ்வொரு பிரேமையும் 16.7 மில்லி வினாடிக்குள் முடித்தாக வேண்டும். ராமில் உள்ள தகவலை எடுக்க ஒரு மில்லி வினாடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு போதும். நல்ல எஸ்எஸ்டியில் அது பத்தில் ஒரு பங்கு அளவுக்கு நீள்கிறது. ஏறக்குறைய ஆயிரம் மடங்கு தாமதம். ஒரு முறை என்றால் தெரியாது. ஒன்றன்பின் ஒன்றாக நூறு முறை போக நேர்ந்தால் 10 மில்லி வினாடி போய்விடும், அந்த பிரேம் தவறிவிடும். பழைய சுழலும் ஹார்டு டிஸ்க் என்றால் ஒரே ஒரு தேடலுக்கே 10 மில்லி வினாடிவரை ஆகும். அதனால்தான் கடைக்கு வரும் பிள்ளைகள், “அண்ணா, எஃப்பிஎஸ் 70 காட்டுது, ஆனா புது ஏரியாக்குள்ள போனா அப்படியே நின்னு நின்னு போகுது” என்று புகார் சொல்கிறார்கள். சராசரி நன்றாகவே இருக்கும். நடுநடுவே தவறும் பிரேம்கள்தான் ஆட்டத்தைக் கெடுக்கும்.

இதிலிருந்தே இன்னொன்றும் புரியும். 16 ஜிபிக்குள் எல்லாம் அடங்கிவிடுகிற வீட்டில் 32 போட்டால் எஃப்பிஎஸ் ஏறாது. காலியாகக் கிடக்கும் ராம் கேமை வேகப்படுத்துவதில்லை. இட நெருக்கடி இருந்த கணினியில் மட்டுமே அந்த நிற்றல்கள் மறையும்.

உங்கள் கணினியில் நெருக்கடி இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம். வழக்கமாகத் திறந்து வைக்கும் எல்லாவற்றையும் திறந்துகொண்டு, அரை மணி நேரமாவது ஆடுங்கள். ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே Ctrl + Shift + Esc அழுத்தி, Task Manager-இல் Performance பக்கத்தில் Memory-ஐத் திறங்கள். பலரும் அங்கே தெரியும் சதவீதத்தைப் பார்த்து, 85 ஆகிவிட்டது, ராம் போதவில்லை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அது சரியான அளவுகோல் இல்லை. இடம் நிறைய இருந்தால் விண்டோஸும் கேமும் தாராளமாக எடுத்துக்கொள்ளும். 16 ஜிபியில் 9 எடுத்த அதே கேம் 32 ஜிபியில் 12 எடுக்கலாம். அதற்கு 12 இல்லாமல் ஓடாது என்று அர்த்தமில்லை.

பார்க்க வேண்டியவை இரண்டு எண்கள். முதலாவது Available, உடனடியாகக் கொடுக்கக்கூடிய இடம். ஆட்டத்தின் நடுவில் இது இரண்டு மூன்று ஜிபிக்குக் குறையாமல் இருந்தால் கவலையில்லை. ஒரு ஜிபிக்கும் கீழே இறங்கி, அதே நேரத்தில் ஆட்டமும் திக்கினால், ராம் மேல் சந்தேகம் உறுதியாகிறது. இரண்டாவது Committed. இது 21.0/23.7 என்பதுபோல இரண்டு எண்களாக இருக்கும். செயலிகளுக்கு விண்டோஸ் தருவதாக ஒப்புக்கொண்ட மொத்தம் முதல் எண், ராமும் pagefile.sys கோப்பும் சேர்ந்த எல்லை இரண்டாவது எண். ஒப்புக்கொண்டதை எல்லாம் செயலிகள் ஒரேயடியாகப் பயன்படுத்துவதில்லை என்பதால், முதல் எண் ராமின் அளவைக் கொஞ்சம் தாண்டுவது தவறில்லை. அது எல்லையையே தொட்டுவிட்டால் கேம் சொல்லாமல் கொள்ளாமல் மூடிக்கொள்ளும். எஸ்எஸ்டி தேயாமல் இருக்கட்டும் என்று பேஜ் ஃபைலை முழுவதுமாக நிறுத்தி வைப்பவர்களுக்கு இது அடிக்கடி நேர்கிறது. அதை விண்டோஸின் பொறுப்பிலேயே விட்டுவிடுவது நல்லது.

அடுத்து ஒரு எதிர்ச்சோதனை. கேமைத் தவிர எல்லாவற்றையும் மூடிவிட்டு, திக்கிய அதே இடத்துக்குப் போய் ஆடிப் பாருங்கள். இப்போது சீராக ஓடினால், பின்னணிச் செயலிகளின் சுமையே காரணம் என்று தெளிவாகிவிடும். அப்படியும் திக்கினால், ராம் வாங்கும் முன் வேறு இரண்டு காரணங்களைப் பார்க்க வேண்டும்.

ஒன்று, கிராபிக்ஸ் கார்டின் சொந்த நினைவகம். 8 ஜிபி கார்டில் டெக்ஸ்சர் அமைப்பை மிக உயர்வாக வைத்தால் அது நிரம்பி வழிந்து, கணினியின் ராமில் கை வைக்கும். Task Manager-இல் GPU பக்கத்தில் Dedicated GPU memory உச்சத்தில் நின்று, Shared GPU memory ஏறிக்கொண்டே போனால் இதுதான் நடக்கிறது. டெக்ஸ்சரை ஒரு படி இறக்கினால் தீரும். கூடுதல் ராம் இதற்கு முழு மருந்தாகாது, ஏனென்றால் கார்டிலிருந்து ராமுக்குப் போகும் பாதை கார்டின் சொந்த நினைவகத்தைவிடப் பல மடங்கு மெதுவானது. இன்னொன்று, ஷேடர் தொகுப்பு. ஒரு இடத்துக்கோ ஒரு வெடிப்புக் காட்சிக்கோ முதல்முறை வரும்போது மட்டும் நின்று, இரண்டாம் முறை அதே இடத்தில் சீராக ஓடினால் அது ஷேடரின் வேலை. ராம் எவ்வளவு போட்டாலும் இது மாறாது.

சோதித்துப் பார்த்து ராம்தான் குறை என்று உறுதியானால், வாங்கும் முறையிலும் கவனம் வேண்டும். Task Manager-இன் அதே Memory பக்கத்தில் Slots used என்று ஒரு வரி இருக்கும். 2 of 4 என்றால் இரண்டு இடங்கள் காலி. டிடிஆர்4 போர்டாக இருந்தால், ஏற்கெனவே உள்ள 8+8 ஜிபியோடு அதே வேகமுள்ள இன்னொரு 8+8 சேர்த்துக்கொள்வது பெரும்பாலும் ஒத்துப்போகும். வேகம் வேறுபட்டால் எல்லாமே மெதுவானதன் வேகத்துக்கு இறங்கிவிடும். டிடிஆர்5 போர்டுகளில் நான்கு ஸ்டிக் போட்டால் வேகம் கணிசமாகக் குறைவது வழக்கம், அங்கே பழையதைக் கொடுத்துவிட்டு 16+16 ஜோடியாக வாங்குவதே சரி. 2 of 2 என்றாலும் இதே வழிதான். டிடிஆர்4 ஸ்டிக் டிடிஆர்5 போர்டில் பொருந்தாது. ஒற்றை 32 ஜிபி ஸ்டிக்கைத் தவிர்த்து ஜோடியாகப் போடுங்கள். இரண்டு சேனல்களும் வேலை செய்யும்போதுதான் ராம் தன் முழு அகலத்தில் தகவல் தரும். பொருத்தி முடித்ததும் பயாஸில் XMP அல்லது EXPO-வை இயக்க மறந்தால், பெட்டியில் அச்சிட்ட வேகம் கிடைக்காது.

லேப்டாப் வாங்குகிறவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். மெல்லிய மாடல்கள் பலவற்றில் ராம் போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருக்கும், பிறகு கூட்டவே முடியாது. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத மாடல் என்றால் திரைப் படத்துக்கும் அதே ராமிலிருந்துதான் பங்கு போகும். இந்த இரண்டும் சேர்ந்த லேப்டாப்பில் கேம் ஆடும் எண்ணம் இருந்தால், வாங்கும்போதே 32 எடுத்துவிடுவது நல்லது.

சுருக்கமாக என் தீர்ப்பு இது. வேலரன்ட், கவுண்டர் ஸ்ட்ரைக் போன்ற கேம்களை ஆடுபவர்களுக்கும், பெரிய கேம் என்றாலும் ஆடும்போது மற்றதை மூடிவைக்கத் தயாராக இருப்பவர்களுக்கும் 16 ஜிபி போதும். மிச்சமாகும் பணத்தைக் கிராபிக்ஸ் கார்டில் போடுங்கள். புதிய பெரிய கேம்கள், ஸ்ட்ரீமிங், நிறைய மாட்கள், பக்கத்தில் எப்போதும் திறந்திருக்கும் குரோம் என்று ஆடுபவர்கள் இன்று புதுக் கணினி வாங்கினால் 32 எடுங்கள். கையில் ஏற்கெனவே 16 இருந்தால், முதலில் ஒரு மாலை Available எண்ணைக் கவனியுங்கள். அது இரண்டு ஜிபிக்கு மேலேயே நின்றால், கடைக்காரர் என்ன சொன்னாலும் இப்போதைக்கு ராம் வாங்க வேண்டாம்.