குறிப்பால் கேட்பதா, நேராகக் கேட்பதா?

சென்னையில் ஒரு மென்பொருள் அலுவலகம். அதன் குழுவினர் பெர்லினிலும் டோக்கியோவிலும் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். செவ்வாய்க்கிழமை காலை குழுத்தலைவர் எல்லோருக்கும் ஒரே மின்னஞ்சலைத் தட்டிவிடுகிறார்: “வெள்ளிக்கிழமை வாடிக்கையாளருடன் கூட்டம் இருக்கிறது. சோதனை அறிக்கை இன்னும் வரவில்லை.”

அறிக்கையை அனுப்புங்கள் என்பதுதான் அவர் சொல்ல வந்தது. ஆனால் யார் அனுப்ப வேண்டும், எப்போதைக்குள் என்பது மடலில் எங்குமே இல்லை. படிப்பவர் அதை வெறும் தகவலாக எடுத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடலாம். குற்றம் சாட்டுவதாக நினைத்து வருத்தப்படலாம். கூடவே வளர்ந்தவர்களிடமும் பல வருடம் சேர்ந்து வேலை பார்த்தவர்களிடமும் செல்லுபடியாகும் குறிப்பு, அந்தப் பழக்கம் இல்லாதவரிடம் போகும்போது இப்படித்தான் வழி தவறுகிறது.

மனிதர்கள் எப்படிக் கேட்கிறார்கள் என்பதை 1980களில் ஷோஷனா ப்ளும்-குல்கா உள்ளிட்ட மொழியியலாளர்கள் பல மொழிகளில் ஒப்பிட்டு ஆராய்ந்தார்கள். மாணவர்களிடம் சில சூழல்களைக் கொடுத்து, அங்கே என்ன சொல்வீர்கள் என்று எழுதச் சொன்னார்கள். அவற்றில் ஒன்று: அறைத்தோழர் சமையலறையை அலங்கோலமாக விட்டுவிட்டார், சுத்தம் செய்யச் சொல்ல வேண்டும். “சமையலறையைச் சுத்தம் செய்” என்பது நேரடி. “சுத்தம் செய்ய முடியுமா?” என்பது கேள்வி வடிவம். “சமையலறை இப்படிக் கிடக்கிறதே” என்பது குறிப்பு.

1989இல் நூலாக வந்த முடிவுகளின்படி, ஹீப்ரு பேசுவோரும் அர்ஜென்டினாவின் ஸ்பானிஷ் பேசுவோரும் நேரடி வடிவத்தை அதிகம் கையாண்டார்கள். ஆஸ்திரேலிய ஆங்கிலம் பேசியவர்கள் அதைக் குறைவாகவே தொட்டார்கள். ஆனால் ஒட்டுமொத்தமாகப் பார்த்தால், எல்லா மொழிகளிலும் முன்னால் நின்றது நடுவில் உள்ள கேள்வி வடிவம்தான்.

இன்னொரு ஆய்வில் ப்ளும்-குல்கா, இந்த வடிவங்களில் எது அதிக மரியாதையாகப் படுகிறது என்று கேட்டார். சுற்றி வளைக்க வளைக்க மரியாதை கூடும் என்றுதானே பலரும் நம்புகிறோம்? ஹீப்ரு பேசுவோரும் சரி, ஆங்கிலம் பேசுவோரும் சரி, குறிப்புக்கு முதலிடம் தரவில்லை. கேள்வி வடிவத்துக்கே தந்தார்கள். குறிப்பால் பேசும்போது, என்ன வேண்டும் என்று கண்டுபிடிக்கும் வேலை கேட்பவர் தலையில் விழுகிறது என்பது அவர் சொன்ன காரணம்.

எவ்வளவு வளைத்துக் கேட்பது என்பதற்கு பெனலோப் பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் இருவரும் மூன்று அளவுகோல்களைச் சொன்னார்கள்: கேட்கப்படுபவரின் அதிகாரம், இருவருக்கும் இடையே உள்ள நெருக்கம், கேட்கும் காரியத்தின் பாரம். அவர்கள் ஆதாரமாகக் கொண்ட மொழிகளில் தமிழும் ஒன்று. லெவின்சன் கோவை மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் பேச்சுத் தமிழைச் சேகரித்தவர். அளவுகோல்கள் எல்லா ஊருக்கும் பொது. எதை எவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்வது என்பதுதான் ஊருக்கு ஊர் மாறுகிறது. மேலதிகாரி என்பதையே பெரிதாகப் பார்க்கும் அலுவலகமும் உண்டு. ஒருவரின் நேரத்தை எடுத்துக்கொள்வதையே பெரிதாகப் பார்க்கும் அலுவலகமும் உண்டு.

இனி அந்த மின்னஞ்சலைத் திருத்திப் பார்க்கலாம். “வெள்ளிக்கிழமை வாடிக்கையாளர் கூட்டத்துக்கு உங்கள் சோதனை அறிக்கை தேவைப்படுகிறது. வியாழன் மாலை, இந்திய நேரம் 4 மணிக்குள் அனுப்ப முடியுமா? அதற்குள் முடியாது என்றால், எதுவரை முடிந்திருக்கும் என்று புதன்கிழமையே சொல்லுங்கள்.”

இதில் என்ன, எப்போது, எதற்கு என்ற மூன்றும் பட்டவர்த்தனமாக இருக்கின்றன. பணிவு “முடியுமா” என்ற இடத்தில் மட்டும் நிற்கிறது. கடைசி வரி, மறுப்பதற்கும் வழி திறந்து வைக்கிறது.

ஆளைப் பார்த்துச் சிறு மாற்றங்கள் செய்யலாம். ஜெர்மன் சக ஊழியர் பலருக்கு முன்னுரை தேவையில்லை. இரண்டாவது வாக்கியத்திலேயே தொடங்கலாம். ஜப்பானிய அலுவலகங்களில் முகத்துக்கு நேரே மறுப்பதைத் தவிர்ப்பவர்கள் அதிகம். “கொஞ்சம் சிரமம்” என்று பதில் வந்தால், பெரும்பாலும் அது மறுப்புதான். அங்கே “முடியுமா” என்பதைவிட “எந்த நாள் வசதிப்படும்?” என்று கேட்டால் தெளிவான பதில் கிடைக்கும். இவை நாடு முழுக்கப் பொருந்தும் விதிகள் அல்ல. பெர்லினிலும் சுற்றி வளைப்பவர் உண்டு. அவர் தம் மடல்களில் எப்படிக் கேட்கிறார் என்று கவனித்தால் நிலைமை புரிந்துவிடும்.

அவசரம் என்றால் கணக்கு வேறு. சர்வர் படுத்துவிட்ட நேரத்தில் “உடனே மறுபடி இயக்குங்கள்” என்று எழுதினால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. அங்கே “நேரம் கிடைக்கும்போது” என்று சேர்ப்பதுதான் ஆபத்து.

கேட்டது போய்ச் சேர்ந்ததா என்பதைப் பதிலே காட்டிக்கொடுக்கும். “வியாழன் அனுப்புகிறேன்” என்று நாளோடு வந்தால் சேர்ந்துவிட்டது. “தகவலுக்கு நன்றி” என்று மட்டும் வந்தால் அது வேண்டுகோளாகப் படிக்கப்படவில்லை; அன்றைக்கே, தேதியோடு, இன்னும் ஒரு படி நேராகக் கேட்டுவிட வேண்டும்.