671 பில்லியன் மாடல், 37 பில்லியன் வேலை: மிச்சம் எங்கே ஆகுது?

போன எபிசோடுக்கு வந்த கேள்வி இது: "டீப்சீக் வி3-ல மொத்தம் 671 பில்லியன் பாராமீட்டர், ஆனா ஒரு டோக்கனுக்கு 37 பில்லியன் மட்டும்தான் ஓடுது. அப்போ 37-க்கு ஏத்த ஒரு ஜிபியு போதுமே?"

போதாது. ஏன்னு பார்ப்போம்.

வி3-ன் பெரும்பாலான லேயர்களில் 256 எக்ஸ்பர்ட்கள் இருக்கின்றன. எக்ஸ்பர்ட் என்றதும் ஒருத்தர் கணக்கு வாத்தியார், இன்னொருத்தர் டாக்டர்னு நினைச்சுக்காதீங்க. எல்லாம் சின்னச் சின்ன நியூரல் நெட்வொர்க்தான். ரவுட்டர் என்ற பகுதி ஒவ்வொரு டோக்கனுக்கும் மதிப்பெண் போட்டு, எட்டு எக்ஸ்பர்ட்களை எடுக்கும். இவை தவிர, எல்லா டோக்கனுக்கும் பொதுவா ஒண்ணு எப்போதும் ஓடும். அடுத்த லேயரில் தேர்வு மறுபடி முதலிலிருந்து.

அடுத்த டோக்கன் யாரைக் கூப்பிடும்னு முன்கூட்டியே தெரியாது. ஒரே நேரத்தில் நூறு பேர் கேள்வி கேட்டால், கிட்டத்தட்ட எல்லா எக்ஸ்பர்ட்டுக்கும் வேலை வந்துடும். அதனால 671 பில்லியனும் மெமரியில் தயாரா இருக்கணும். பாராமீட்டருக்கு ஒரு பைட் என்று வைத்தாலும் 671 ஜிபி. 80 ஜிபி கார்டு எட்டு போட்ட சர்வரில் 640 ஜிபிதான் வரும். அதுலயே அடங்காது! மிச்சமாவது கணக்கு போடும் வேலைதான், இடம் இல்லை.

இன்னொரு தொல்லையும் உண்டு. எல்லாரும் ஒரே எக்ஸ்பர்ட்டைத் தேடிப் போனால் அது இருக்கிற ஜிபியுவில் வரிசை நிற்கும், பக்கத்து கார்டு சும்மா இருக்கும். கார்டுவாரியா லோடு பார்த்தாலே இது தெரிஞ்சிடும். கூட்டம் அதிகமுள்ள எக்ஸ்பர்ட்களுக்கு நகல் எடுத்து வேற கார்டிலும் வைப்பது டீப்சீக் கையாண்ட வழி.

சரி, இடத்தையும் குறைக்கணும்னா? அதுக்குத்தான் டிஸ்டிலேஷன்.

2025 ஜனவரியில் ஆர்1 வந்தது. அது வி3 மேல கட்டின, யோசிச்சு பதில் சொல்லும் மாடல். அதை முக்கியமா வைத்து சுமார் 8 லட்சம் மாதிரிப் பதில்களைத் திரட்டினார்கள். கணக்கு, கோடிங் மாதிரி கேள்விகளுக்கு யோசனையின் ஒவ்வொரு படியும் அதில் இருக்கும். ஏற்கெனவே இருந்த குவென், லாமா மாடல்களை அந்த டெக்ஸ்டில் பயிற்றினார்கள். அவ்வளவுதான். பழைய முறையில், அடுத்த டோக்கனா எது வர எவ்வளவு வாய்ப்புன்னு ஆசிரியர் மாடல் போடும் எண்களையே மாணவர் மாடல் பின்பற்றும். இங்கே எழுதின விடைத்தாளை மட்டும் பார்த்துப் படிச்சது.

ஏஐஎம்இ 2024 என்ற அமெரிக்கக் கணிதத் தேர்வில் ஆர்1 எடுத்தது 79.8 சதவீதம். 32 பில்லியன் மாணவருக்கு 72.6, 7 பில்லியனுக்கு 55.5. அந்த 7 பில்லியனை நாலு பிட்டாச் சுருக்கினா அஞ்சு ஜிபிக்குள்ள அடங்கிடும், லேப்டாப்லயே ஓடும். என் கணக்குல 32-தான் லாபமான பேரம். 7-ஐ நம்பி கஷ்டமான கணக்கைக் கொடுத்தா, வாத்தியார் மாதிரியே நீளமா யோசிச்சுட்டு, தப்பான விடையைத் தெம்பா சொல்லும்.