தீபாவளிக்கு வெல்வெட் பாவாடை: வெட்டும்போதே கவனிக்க வேண்டியவை

தீபாவளி நெருங்கினால் சுங்கை பட்டாணி, கூலிம், பீடோங் பக்கத்துத் துணிக்கடைகளில் வெல்வெட் சுருள்கள் முன்வரிசைக்கு வந்துவிடும். மலாய்க்காரர்கள் ‘பால்டு’ என்று கேட்டு வாங்குவதும் இதே துணிதான். தோட்டத்திலும் தாமானிலும் வீட்டிலிருந்தே தைப்பவர்களில் பலர் ரவிக்கை, சுடிதார் என்றால் தயங்காமல் எடுத்துக்கொள்வார்கள். வெல்வெட் என்றால் மட்டும் கொஞ்சம் யோசிப்பார்கள்.

காரணம், துணியின் மேல் நெருக்கமாக நிற்கும் குட்டை இழைகள். இவை நேராக நிற்பதில்லை, ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். கரையை ஒட்டி உள்ளங்கையால் தடவிப் பார்த்தால் ஒரு திசையில் வழுக்கும், எதிர்த்திசையில் சொரசொரக்கும். வழுக்கும் திசைதான் இழை சாய்ந்திருக்கும் திசை. இழை மேல்நோக்கி இருக்கும்படி உடுத்தினால் பார்ப்பவர் கண்ணுக்கு இழையின் நுனி தெரியும், நிறம் அடர்த்தியாக இருக்கும். கீழ்நோக்கி இருந்தால் அதே துணி வெளிறிப் பளபளக்கும். பண்டிகை உடைக்கு மேல்நோக்கிய இழைதான் அழகு. எதைத் தேர்ந்தெடுத்தாலும் எல்லாத் துண்டும் ஒரே திசையில் இருக்க வேண்டும்.

எட்டு வயதுப் பெண்ணுக்கு 75 சென்டிமீட்டர் நீளப் பாவாடை என்று வைத்துக்கொள்வோம். இடுப்புத் தையலுக்கு 2, அடிமடிப்புக்கு 5 சேர்த்து ஒரு துண்டு 82 சென்டிமீட்டர். இரண்டு துண்டுக்கு 1.64 மீட்டர் போதும். வேலையை விரைவாக முடிக்க நினைத்து, துணியின் இரு முனைகளையும் ஒன்று சேர்த்து மடித்து, இரண்டு துண்டையும் ஒரே வெட்டாக வெட்டுவதில்தான் பிழை நேர்கிறது. அப்படி மடித்தால் மேல் துண்டின் இழை கீழ்த் துண்டுக்கு நேர் எதிராகிவிடும். தைக்கும் மேசையில் வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. கோயில் விளக்கொளியில் நிற்கும்போது முன்பக்கம் கருஞ்சிவப்பாகவும் பின்பக்கம் வெளிர்சிவப்பாகவும் தெரியும். பிறகு சரிசெய்ய வழியில்லை.

அதனால் துணியை மடிக்காமல் பின்பக்கம் மேலே இருக்க விரித்து, இழையின் திசையைச் சுண்ணக்கட்டியால் அம்புக்குறியாகப் பல இடங்களில் போட்டுவிட்டு, ஒவ்வொரு துண்டாக வெட்ட வேண்டும். சட்டையின் கைகளுக்கும் இதே முறைதான். ஒரு கையை வெட்டிய பின் காகித அச்சைக் கவிழ்த்துப் போட்டு மற்றதை வெட்டலாம். தலைகீழாகத் திருப்பக் கூடாது. மற்றத் துணியில் கைகளை எதிரெதிராக அடுக்கி மிச்சம் பிடிப்பார்களே, அது இங்கே நடக்காது. சட்டைக்குக் கால் மீட்டர் கூடுதலாக வாங்குவது நல்லது.

அடுத்த தொல்லை துணி நகர்வது. முகத்தோடு முகம் வைத்த இரு துண்டுகளின் இழைகளும் ஒன்றையொன்று தள்ளும். இயந்திரத்தின் பற்கள் கீழ்த்துணியை இழுக்க, மேலே அழுத்தும் கால் மேல்துணியைத் தடுத்து நிறுத்தும். தையல் முடியும் இடத்தில் மேல்துணி மட்டும் ஒரு சென்டிமீட்டர் நீண்டு நிற்கும். குண்டூசி இதற்குப் போதாது. தையல் கோட்டில் குத்தினால் தழும்பும் விழலாம். கோட்டுக்கு இருபுறமும் மெல்லிய நூலால் கையால் ஓட்டுத் தையல் போட்டால்தான் துணி அசையாது. பிறகு காலின் அழுத்தத்தைக் குறைத்து, தையல் நீளத்தை 3 மில்லிமீட்டருக்கு வைத்து, இழை சாயும் திசையிலேயே தைக்க வேண்டும். நம் பாவாடைக்கு அது கீழிருந்து இடுப்பு நோக்கி. ஆறேழு சென்டிமீட்டருக்கு ஒருமுறை ஊசியைத் துணிக்குள் நிறுத்திக் காலைத் தூக்கி இறக்கினால், சேர்ந்த இழுப்பு விட்டுப்போகும். அப்படியும் கொஞ்சம் நகர்ந்தால் அந்த மிச்சம் இடுப்புப் பட்டிக்குள் மறைந்துவிடும், அடி விளிம்பு சமமாக இருக்கும்.

இன்று கடைகளில் கிடைப்பதில் பல இழுபடும் பாலியஸ்டர் வெல்வெட். அதற்கு உருண்டை முனை ஊசியும் மிகக் குறுகிய வளைவுத் தையலும் வேண்டும். சாதாரண ஊசி தையலைத் தாண்டித் தாண்டி விடும்.

இஸ்திரிப் பெட்டியை முகப்பக்கம் வைக்கவே கூடாது. அதன் வடிவம் அப்படியே பதிந்து, இழை நசுங்கி மினுங்கும். மிஞ்சிய வெல்வெட் துண்டொன்றை முகம் மேலே இருக்க விரித்து, உடையை அதன் மேல் முகம் கவிழ்த்து வைத்தால், இழைகள் ஒன்றுக்குள் ஒன்று நிற்கும். வெல்வெட் இல்லையென்றால் தடித்த துவாலை. பெட்டியைத் துணியில் படாமல் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் உயரத்தில் பிடித்து ஆவியை மட்டும் விட்டு, தையலை விரலால் பிரித்துவிட வேண்டும். ஈரம் காயும்வரை தூக்கவும் மடிக்கவும் கூடாது. முதலில் வெட்டுத் துண்டில் சோதித்துப் பார்ப்பது அவசியம். பாலியஸ்டர் அதிகச் சூட்டில் உருகும்.

அடிமடிப்பை இயந்திரத்தில் ஓட்டினால் முன்பக்கம் பள்ளமாகக் கோடு விழும். விளிம்பில் மெல்லிய நாடா வைத்துத் தைத்து, அந்த நாடாவைப் பாவாடையின் உட்புறத்தோடு கையால் தளர்வாகத் தைக்கலாம். லேசாக நசுங்கிய இடம் இருந்தால் குளியலறையில் வெந்நீர் ஆவியில் தொங்கவிட்டு, மென்மையான பிரஷால் இழையின் திசையில் தடவினால் பெரும்பாலும் எழும்பிவிடும். ரேயான், பட்டு வெல்வெட்டில் ஈரத்தோடு அழுத்திய தழும்பு மட்டும் போகாது.