ஈரம் வந்த வழி – 6: பழுப்புக் கறையும் அதன் கருத்த ஓரமும்

சுவர் ஓதமும் விரிசல்களும் முடிந்துவிட்டன. தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு அவற்றைத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. இந்த வாரம் குளியலறைக் குழாய்க் கசிவு என்று அறிவித்திருந்தோம். அதற்குப் போகும் வழியில் கூரைக் கறையின் ஓரம் பிடித்துக்கொண்டது.

மேலே பார்த்தால் தெரியும். பழுப்புக் கறையின் நடுப்பகுதி வெளிறித்தான் இருக்கும், ஓரம்தான் கருத்திருக்கும். ஈரம் அதிகம் நின்ற இடம் நடுவாக இருக்கும்போது நிறம் மட்டும் ஏன் விளிம்புக்குப் போகிறது? இதற்கு நெருங்கிய ஒரு கேள்வியை, மேசையில் சிந்திக் காய்ந்த காபித் துளியை வைத்து, சிகாகோ பல்கலைக்கழகத்து இயற்பியலாளர்கள் சிலர் ஆராய்ந்தார்கள். ராபர்ட் டீகனும் சிட்னி நாகெலும் உள்ளிட்ட அந்தக் குழுவின் கட்டுரை 1997-இல் 'நேச்சர்' இதழில் வந்தது. துளியின் விளிம்பு மேசையை விட்டு நகராமல் ஒட்டிக்கொள்கிறது. அங்கே நீர் வேகமாக ஆவியாகிறது. போன நீரை ஈடுகட்ட நடுவிலிருந்து நீர் விளிம்பை நோக்கி ஓடுகிறது, ஓடும்போது காபித் தூளையும் இழுத்துப் போகிறது. நீர் ஆவியாகிவிட, தூள் அங்கேயே தங்கிவிடுகிறது. வளையம் பிறந்த கதை இதுதான்.

கூரைப் பூச்சில் நடப்பது அச்சு அசலாக இதுவல்ல, ஆனால் நெருங்கிய உறவு. மேலிருந்து இறங்கும் நீர் சுண்ணாம்பு உப்பு, தூசி, துருவின் நுண்துகள், பழைய பெயின்ட்டின் சாயம் எல்லாவற்றையும் கரைத்தும் சுமந்தும் வருகிறது. பூச்சின் நுண்துளைகள் வழியாகப் பக்கவாட்டில் பரவி, ஈரமும் உலர்வும் சந்திக்கும் எல்லையில் ஆவியாகிறது. சுமந்து வந்ததை அங்கேயே இறக்கி வைக்கிறது. ஆகவே அந்தக் கருத்த கோடு, ஈரம் எதுவரை வந்து நின்றது என்பதற்கான எல்லைக் கோடு. ஒன்றுக்குள் ஒன்றாகப் பல வளையங்கள் இருந்தால், ஈரம் வந்து, காய்ந்து, மறுபடி வந்திருக்கிறது என்று பொருள். ஆனால் வளையங்களை எண்ணி இத்தனை தடவை ஒழுகியது என்று கணக்குச் சொல்லக் கூடாது. பின்னால் வந்த பெரிய ஈரம் பழைய வளையத்தின் உப்பைக் கரைத்துத் தன்னோடு வெளியே தள்ளிக்கொண்டு போயிருக்கலாம்.

கறையின் வடிவம் தராத தகவல் ஒன்று உண்டு: ஓட்டை எங்கே என்பது. கான்கிரீட் தளத்துக்குள் நீர் நேர்செங்குத்தாக இறங்குவதில்லை. தளத்துக்குள் புதைத்த மின்கம்பிக் குழாய் கிடைத்தால் அதற்குள் புகுந்து பல அடி தள்ளிப்போய், மின்விசிறி மாட்டும் பெட்டியில் வந்து சொட்டும். விசிறியைச் சுற்றிக் கறை என்றால் ஓட்டை விசிறிக்கு நேர் மேலே என்று மொட்டை மாடியைக் கொத்தத் தொடங்குவது வீண் செலவு. அப்படிச் சொட்டும் வீட்டில் முதல் வேலை, அந்த அறையின் மின்சாரத்தை மெயின் பெட்டியிலேயே நிறுத்துவது.

இடம் ஏமாற்றும், காலம் அவ்வளவாக ஏமாற்றாது. மழைநீர்க் கசிவு மழையைப் பின்தொடரும். ஏசியின் வியர்வை ஏசி ஓடும் நேரத்தைப் பின்தொடரும். கழிவுநீர்க் குழாய் கசிந்தால், மேல் வீட்டில் யாராவது குளிக்கும்போதுதான் ஈரம் இறங்கும். தண்ணீர் வரும் குழாய் கசிந்தால், உள்ளே எப்போதும் அழுத்தம் இருப்பதால் இரவு பகல் பாராமல் கசியும். ஆகவே துப்பறிய முதலில் வேண்டிய கருவி ஒரு பென்சில். கறையின் ஓரத்தை ஒட்டி மெல்லிய கோடு இழுத்து, பக்கத்தில் தேதி எழுத வேண்டும். ஒரு வாரம் கழித்துக் கறை கோட்டைத் தாண்டியிருந்தால் மறுபடி கோடு, மறுபடி தேதி.

மேற்கு மாம்பலத்தில் மூன்று மாடிக் குடியிருப்பு ஒன்று. மேல் மாடி வீட்டின் படுக்கையறைக் கூரையில், ஏசி மாட்டிய வெளிச்சுவரிலிருந்து இரண்டடி தள்ளி, நவம்பர் மழையில் ஒரு பழுப்பு வட்டம் தோன்றியது. மேலே மொட்டை மாடி, பெய்வது வடகிழக்குப் பருவமழை. குற்றவாளி யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. மழை விட்டதும் தட்டோடுகளின் இடுக்குகளைச் சுரண்டிச் சிமெண்ட் பூசி, மேலே வெள்ளைப் பூச்சு இரண்டு கோட் அடித்தார்கள். ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மூன்று மாதமும் கறை அசையவில்லை. வேலை பலித்துவிட்டது என்று கூரைக்குப் பெயின்ட்டும் அடித்தார்கள்.

ஏப்ரல் நடுவில் கறை மறுபடி எட்டிப் பார்த்தது. மழை ஒரு துளி இல்லை.

பூச்சு சரியில்லை, இன்னொரு கம்பெனிப் பூச்சு அடிக்கலாம் என்று பேச்சு எழுந்தது. கீழ்வீட்டில் இருந்த ஓய்வுபெற்ற பொதுப்பணித் துறைப் பொறியாளர் தடுத்தார். "மழையே இல்லாதப்போ மழைக்கு மருந்து போடாதீங்க சார். முதல்ல கோடு போடுங்க" என்றார். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளுக்கு நடுவே கறை அரை அங்குலம் நகர்ந்திருந்தது.

அடுத்த சந்தேகம் ஏசி. நியாயமான சந்தேகம்தான். சென்னைக் காற்று 30 டிகிரி வெப்பத்தில் 80 சதவீத ஈரப்பதத்துடன் இருக்கும் நாளில், 26 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் பனி பூக்கும். குளிர்ந்த வாயு திரும்பும் செப்புக் குழாய் அதைவிட எவ்வளவோ குளிர்ச்சி. அதைச் சுற்றிய கறுப்பு நுரை உறை, சுவரைத் துளைத்து வெளியேறும் இடத்தில் கிழிந்திருந்தால், அங்கே விடிய விடியச் சொட்டும். ஆனால் காற்றிலிருந்து பூத்த நீர் ஏறக்குறைய வாலை வடித்த நீர், அதில் உப்பு இல்லை. அது கான்கிரீட் கூரையில் நேரடியாகப் பூக்கும்போது பெரும்பாலும் வளையம் விழாது. மூலைகளில் கறும்புள்ளிப் பூஞ்சை படரும். ஜிப்சம் பால்ஸ் சீலிங் உள்ள வீட்டில்தான் இந்த விதி பிசகும். பலகையின் காகிதத்திலிருந்தே பழுப்பு ஊறி வளையம் விழுந்துவிடும்.

இந்த வீட்டில் பால்ஸ் சீலிங் இல்லை. இருந்தாலும் சந்தேகத்தைத் தீர்க்க இரண்டு காரியம் செய்தார்கள். ஏசியை நிறுத்திவிட்டு, குடும்பமே ஹாலில் படுத்தது. ஒரே இரவில் முடிவு தெரியாது, பூச்சு உறிஞ்சிய ஈரம் காய நாளாகும். பத்து நாள் பொறுத்தார்கள். இன்னொன்று, ஒன்றரை அடிச் சதுரமாகக் கனத்த பிளாஸ்டிக் தாளை வெட்டி, கறையின் மேல் நான்கு ஓரமும் இடைவெளியில்லாமல் டேப் போட்டு ஒட்டுவது. ஒரு நாள் கழித்து, தாளின் அறைப்பக்கம் நனைந்திருந்தால் ஈரம் அறைக் காற்றிலிருந்து பூத்தது. கூரைப்பக்கம் நனைந்திருந்தால் தளத்தின் வழியே வந்தது. தாளின் அறைப்பக்கம் உலர்ந்தே இருந்தது. கூரையைத் தொட்ட பக்கத்தில் முத்து முத்தாகத் துளிகள். ஏசி நின்றிருந்தும் கறை பென்சில் கோட்டைத் தாண்டியது. ஏசிக்கு விடுதலை.

மழையும் இல்லை, ஏசியும் இல்லை, மேலே குளியலறையும் இல்லை. பொறியாளர் விடிகாலை ஆறு மணிக்கு மொட்டை மாடிக்குப் போனார். தட்டோடுகள் ஈரமாக இருந்தன.

மேல்நிலைத் தொட்டி நிரம்பினால் வழியும் நீர், ஒரு குழாய் வழியாக மழைநீர் வடிகாலுக்குப் போக வேண்டும். அந்தக் குழாயின் வளைவு உடைந்திருந்தது. ஏப்ரலில் லாரித் தண்ணீர் வாங்கத் தொடங்கியதும், இரவில் கீழ்த்தொட்டி நிறைய, காவலாளி விடிவதற்கு முன் மோட்டாரைப் போட்டுவிட்டு வாசல் தெளிக்கப் போய்விடுவார். தானே நிற்கும் ஸ்விட்ச் கிடையாது. தினமும் கால் மணி நேரம் தண்ணீர் தட்டோட்டின் மேல் கொட்டி, வாட்டம் தவறியிருந்த ஓர் ஓரத்தில், கைப்பிடிச் சுவரை ஒட்டிக் குட்டையாக நின்றது. எட்டு மணி வெயிலில் காய்ந்துவிடும். பகலில் பார்க்கப் போன எவர் கண்ணிலும் படாததற்கு அதுதான் காரணம்.

அந்த ஓரத்தில் தட்டோடும் கைப்பிடிச் சுவரும் சேரும் இடத்தில் முடியளவு வெடிப்பு. வெள்ளைப் பூச்சைத் தட்டோட்டோடு நிறுத்தியிருந்தார்கள், சுவரின் மேல் ஒரு சாண் ஏற்றவில்லை. நவம்பரில் மழைநீர் புகுந்ததும் அதே வெடிப்பு, ஏப்ரலில் தொட்டி நீர் புகுந்ததும் அதே வெடிப்பு. வெடிப்புக்கும் கறைக்கும் இடையே ஏழடி தூரம்.

அந்த ஏழடியை நீர் எப்படிக் கடந்தது என்பதற்கு, நம் ஊர் மொட்டை மாடியின் அடுக்குகள் தெரிய வேண்டும். கான்கிரீட் தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து சில அங்குலம் போட்டு, கட்டையால் அடித்து இறுக்கி, அதன் மேல் தட்டோடு பதிப்பார்கள். பழைய கொத்தனார்கள் கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துத் தெளித்து அடிப்பார்கள். நன்றாக அடித்த ஜல்லி வெயிலையும் தடுக்கும், மழையையும் தாங்கும். அவசரத்தில் போட்ட ஜல்லியோ உள்ளே புகுந்த நீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு, தட்டோட்டுக்கு அடியிலேயே பரவவிட்டு, தளத்தில் எங்கே நுண்விரிசல் இருக்கிறதோ அங்கே இறக்கும். மழை விட்ட பிறகும் பல நாள் ஒழுகும் வீடுகளின் ரகசியம் இதுதான். மழைக்கும் கறைக்கும் சம்பந்தமில்லை என்று அவசரப்பட்டு முடிவு கட்டவும் இதுவே காரணமாகிவிடும்.

குழாயின் வளைவை மாற்றி, தொட்டியில் தானியங்கி ஸ்விட்ச் வைத்தார்கள். ஜல்லியில் தேங்கியது வடியும்வரை கறை இன்னும் கொஞ்சம் நகர்ந்து, மூன்றாம் வாரம் நின்றது. வெடிப்பைப் பூசுவதற்கு முன் பொறியாளர் இன்னொரு சோதனை வைத்தார். அந்த மூலையில் களிமண்ணால் ஒரு சாண் வரப்புக் கட்டி, ஓர் அங்குலம் தண்ணீர் நிறுத்தினார். இரண்டாம் நாள் கீழே கறை ஈரமானது. நான்கடி தள்ளி வேறோர் இடத்தில் அதேபோல நிறுத்தியபோது ஈரமாகவில்லை. தண்ணீரில் சொட்டு நீலம் கலந்து பார்க்கும் வழக்கமும் உண்டு. கீழே நீலம் வந்தால் சந்தேகமே இல்லை. வராவிட்டால் அந்த இடம் நல்ல இடம் என்று ஆகிவிடாது, சுண்ணாம்பும் ஜல்லியும் வழியிலேயே சாயத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

ஒரு வகைக் கறையை மட்டும் கோடு போட்டுக் காத்திருக்கக் கூடாது. பழுப்பு வட்டமாக இல்லாமல் நேர்கோடாக, துருவின் செம்மையோடு, கூடவே நீளவாக்கில் ஒரு விரிசலோடு இருந்தால், உள்ளே கம்பி துருப்பிடிக்கிறது. துரு, கம்பியைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். விரல் முட்டியால் தட்டும்போது பொள்ளல் சத்தம் கேட்டால் அதன் கீழே கட்டில் போட வேண்டாம். கட்டமைப்புப் பொறியாளரை உடனே அழைக்க வேண்டும்.

குளியலறை மறுபடி தள்ளிப்போய்விட்டது. மேல் வீட்டுக் குளியலறைக்குக் கீழே கறை உள்ளவர்கள் அதற்குள் இரண்டு குறிப்புகள் எடுத்து வைக்கலாம். மேல் வீட்டார் ஊருக்குப் போயிருந்த நாள்களில் கறை நகர்ந்ததா என்பது ஒன்று. போகும்போது அவர்கள் தங்கள் வீட்டுக்கு வரும் தண்ணீர் வால்வை மூடினார்களா, திறந்தே விட்டார்களா என்பது மற்றொன்று. அடுத்த வாரம் அந்த இரண்டு பதில்களிலிருந்துதான் தொடங்கப் போகிறோம்.