அயல்நாட்டு வங்கியோடு தொலைபேசியில் உரையாடுதல்

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலைத் தோட்டங்களிலும் இறப்பர்த் தோட்டங்களிலுமிருந்து வளைகுடா நாடுகளுக்குச் சென்று உழைத்து மீள்வோர் பலர். அவர்களுள் சிலருக்கு ஊர் திரும்பிய பின்னர் ஒரு சங்கடம் நேர்கிறது. உழைத்த பணத்தின் ஒரு பகுதி அந்நாட்டு வங்கியிலேயே தங்கிவிடுகிறது. அதனைக் கேட்டறிய வேண்டுமாயின் வங்கியின் உதவித் தொலைபேசிக்குப் பேச வேண்டும். பேசுவதோ பெரும்பாலும் ஆங்கிலத்தில். முன்கூட்டியே எழுதி ஆயத்தஞ் செய்த தாளொன்று கையில் இருப்பின், இவ்வுரையாடல் அத்துணைக் கடினமானதன்று.

எட்டியாந்தோட்டைப் பகுதியின் இறப்பர்த் தோட்டமொன்றிலிருந்து துபாய் சென்று, துப்புரவு நிறுவனம் ஒன்றில் ஐந்து ஆண்டுகள் பணிபுரிந்த ஒரு பெண்ணை உதாரணமாகக் கொள்ளலாம். பாக்கியம் என்பது அவர் பெயர், பழனிச்சாமி என்பது தந்தையின் பெயர் என்று வைத்துக்கொள்வோம். அவரது அடிப்படைச் சம்பளம் மாதம் 1,000 திர்ஹாம். ஐக்கிய அரபு அமீரகத்தின் தொழிற்சட்டப்படி, முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு 21 நாட் சம்பளம் பணிக்கொடையாகும். ஐந்து ஆண்டுகளுக்கு 105 நாட் சம்பளம், அதாவது 3,500 திர்ஹாம். வேலை முடிந்து 14 நாட்களுக்குள் நிறுவனம் இதனைச் செலுத்த வேண்டும். ஆனால் அதற்குள் அவர் விமானம் ஏறிவிட்டார். பணம் கணக்கில் விழுந்ததா என்பதே அவருக்குத் தெரியவில்லை. கைப்பேசிச் செயலியைத் திறந்தால், துபாயில் வைத்திருந்த எண்ணுக்கு இரகசியக் குறியீடு போகிறது. அந்த எண்ணோ செயலற்றுவிட்டது.

இந்நிலையில் முதலாவது வேலை, சரியான தொலைபேசி எண்ணைக் கண்டறிதல். வங்கி அட்டையின் பின்புறத்திலோ கணக்கு அறிக்கையிலோ அச்சிடப்பட்டுள்ள எண்ணையே நம்ப வேண்டும். முகநூலிலும் பிறர் வாய்மொழியிலும் கிடைக்கும் எண் ஆகாது. 800 அல்லது 600 என்று தொடங்கும் எண்கள் பெரும்பாலும் அந்நாட்டுக்குள்ளேயே இயங்குவன. வெளிநாட்டிலிருந்து பேசுவோருக்கெனத் தரப்பட்ட, 00971 என்று தொடங்கும் எண்ணைத் தேட வேண்டும். துபாயின் நேரம் இலங்கை நேரத்துக்கு ஒன்றரை மணி பின்தங்கியது என்பதும் நினைவிலிருத்தல் நன்று.

அடுத்து, தாளை மூன்று பத்திகளாகப் பிரிக்க வேண்டும். முதற் பத்தியில் வங்கி அலுவலர் கேட்கக்கூடிய வினா, ஆங்கில ஒலியிலேயே தமிழ் எழுத்தில் அமையும். இரண்டாவதில் அதன் பொருள், மூன்றாவதில் விடை. தொடக்க வாசகம் இங்ஙனம் அமையலாம்: “ஐ ஆம் த அக்கவுண்ட் ஹோல்டர். ஐ ஆம் நௌ இன் ஸ்ரீலங்கா. மை ஓல்ட் மொபைல் நம்பர் இஸ் நொட் வேர்க்கிங். ப்ளீஸ் ஸ்பீக் ஸ்லோலி.” கணக்கு என்னுடையது, இப்பொழுது இலங்கையில் இருக்கிறேன், பழைய தொலைபேசி எண் வேலை செய்யவில்லை, மெதுவாகப் பேசுங்கள் என்பது இதன் பொருள். குறை யாதென்பதை அலுவலர் முதலிலேயே அறிந்துகொள்வதால், பின்வரும் வினாக்கள் தடம் மாறாமல் வரும்.

இனி, ஆளை அடையாளங் காணும் வினாக்கள். முதலாவது பெயர். இலங்கைக் கடவுச்சீட்டில் குடும்பப் பெயருக்கு ஓரிடமும் ஏனைய பெயர்களுக்கு ஓரிடமும் உண்டு. தமிழருக்குக் குடும்பப் பெயர் இன்மையால், தந்தையின் பெயர் அவ்விடத்தை நிரப்புகிறது. ஆகவே அலுவலர் “மிஸ் பழனிச்சாமி” என்று அழைப்பார். “அது நானல்ல, என் அப்பா” என்று மறுத்துவிட்டால் காரியம் கெட்டது. தாளின் முதல் வரியிலேயே, கடவுச்சீட்டில் உள்ள வரிசைப்படி முழுப் பெயரும் இருக்க வேண்டும்.

பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லும்படியும் கேட்பர். இங்கே தமிழருக்கு ஒரு தனி இடர் உண்டு. ஆங்கிலத்தில் இரண்டாக நிற்கும் ஒலிகளுக்குத் தமிழில் ‘ப’ என்ற ஓரெழுத்தே உள்ளது. ‘த’, ‘க’ ஆகியவையும் அத்தன்மையன. ஆதலால் எழுத்தின் பெயரை மட்டும் கூறாமல், ஊர்ப் பெயரொன்றை உடன் கூறுவது வழக்கம். பாக்கியத்தின் முதலெழுத்துக்குப் “பாகிஸ்தானின் எழுத்து” என்றும், மற்றைய எழுத்தாயின் “பம்பாயின் எழுத்து” என்றும் சொல்லலாம். உச்சரிப்பு சற்றே பிழைத்தாலும் ஊரின் பெயர் ஐயத்தை நீக்கிவிடும்.

பிறந்த தேதியைச் சொல்லும்போது மாதத்தை எண்ணாற் கூறாது பெயராற் கூற வேண்டும். தோட்டத்துப் பதிவிலும் பிறப்புச் சான்றிதழிலும் தேதி வேறுபடுவோர் உளர். வங்கிக்குரிய விடை கடவுச்சீட்டில் உள்ள தேதியே. அமீரக அடையாள அட்டையின் எண் 15 இலக்கங்கள் கொண்டது. 784 என்று தொடங்கி, அடுத்துப் பிறந்த ஆண்டு வரும். அட்டை கைவசமில்லையேல் அதன் நகலைத் தேடிவைத்தல் வேண்டும். ஊர் திரும்பிய பின் புதிய கடவுச்சீட்டு எடுத்தவர், வங்கி அறிந்திருப்பது பழைய எண்ணையே என்பதை மறக்கலாகாது. பழைய எண்ணைக் கூறி, இப்போது புதுப்பித்திருப்பதையும் உடன் தெரிவிப்பதே முறை.

மிகவும் குழப்புவது தாயைப் பற்றிய வினா. “மதர்ஸ் மெய்டன் நேம்” என்பதைச் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தால் பொருள் விளங்காது. திருமணத்துக்கு முன் தாய்க்கிருந்த பெயர் யாது என்பதே கேள்வி. கணக்குத் திறந்த நாளில் படிவத்தில் எழுதப்பட்டது தாயின் இயற்பெயரா, பாட்டனார் பெயரோடு சேர்ந்ததா என்பதை நினைவுகூர்ந்து அதனையே சொல்ல வேண்டும். இவையன்றி, வேலைசெய்த நிறுவனத்தின் பெயர், பழைய தொலைபேசி எண், கடைசியாகப் பணம் எடுத்த மாதம், ஏறத்தாழ எவ்வளவு என்பனவும் கேட்கப்படலாம். நினைவில்லாததற்கு “ஐ டோன்ட் ரிமெம்பர்” என்பதே தக்க விடை. ஊகித்துச் சொன்ன தவறான விடை ஐயத்தை எழுப்பும். நினைவில்லை என்றால் வேறொரு வினா கேட்பர்.

ஆங்கிலம் அறிந்த மகள் தாயின் குரலில் பேசலாமா? ஆகாது. கணக்குக்கு உரியவரே அடையாள வினாக்களுக்கு விடையளித்தல் வேண்டும். மகள் அருகிலிருந்து தாளில் உரிய வரியைச் சுட்டிக் காட்டலாம். அடையாளம் உறுதியான பின், மகள் மொழிபெயர்க்கத் தாய் அனுமதி தருவதாகச் சொல்லிக் கேட்கலாம். ஏற்பதும் மறுப்பதும் வங்கியின் விதியைப் பொறுத்தது. இரகசிய இலக்கத்தையும், அட்டையின் பின்புறத்து மூன்று இலக்கங்களையும் எந்த அலுவலருக்கும் வாயாற் கூறலாகாது. வங்கியிலிருந்து பேசுவதாகத் தாமே அழைப்பவர் அவற்றைக் கேட்பாராயின், தொடர்பைத் துண்டித்து, அட்டையிலுள்ள எண்ணுக்குத் தாமே மீண்டும் பேச வேண்டும்.

கேட்க வேண்டியவை மூன்றே. பணிக்கொடை வந்ததா? கணக்கு எந்நிலையில் உள்ளது? தொலைபேசி எண்ணை இலங்கையிலிருந்து மாற்ற என்னென்ன பத்திரம் வேண்டும்? “குளோஸ்” என்ற சொல்லைத் தவிர்த்தல் நலம். அட்டையை நிறுத்திவைக்க எண்ணியவர், கணக்கையே மூடச் சொன்னவராகிவிடக் கூடும்.

வெறும் பேச்சினால் வங்கி பணத்தை அனுப்பிவிடாது. எண்ணையும் எளிதில் மாற்றாது. கையொப்பமிட்ட விண்ணப்பமும், சான்றுபடுத்திய கடவுச்சீட்டு நகலும் கேட்பதே இயல்பு. ஆதலால் அலுவலரின் பெயர், பேசிய தேதி, முறைப்பாட்டு எண், கேட்ட பத்திரங்கள் ஆகிய நான்கையும் தாளின் அடியில் உடனே குறித்துக்கொள்ள வேண்டும். அடுத்த முறை வேறோர் அலுவலர் பேசினாலும், அந்த எண்ணைச் சொன்னால் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிராது. காலந்தாழ்த்துவதும் தகாது. மூன்று ஆண்டுகள் கொடுக்கல் வாங்கலும் தொடர்பும் இன்றிக் கிடக்கும் கணக்கை, அமீரக வங்கிகள் செயலற்ற கணக்காக ஒதுக்கிவிடுகின்றன. அதன் பின்னரும் பணம் உரியவருக்கே சொந்தம். எனினும் அதனைப் பெறும் வழி நீண்டுவிடும்.