ஐந்து மடங்கு படம், அரை மில்லிமீட்டர் பள்ளம்

20 மி.மீ. விட்டமுள்ள ஒரு தண்டு. அதில் ஏற்றிய பேரிங் நழுவாமல் இருக்க நுனிக்கு அருகே ஒரு சர்க்கிலிப் மாட்ட வேண்டும். அந்த எஃகு வளையம் உட்காருவதற்குத் தண்டைச் சுற்றி ஒரு பள்ளம் வெட்டுவார்கள். அகலம் 1.3 மி.மீ., ஆழம் 0.5 மி.மீ., அவ்வளவுதான்.

தண்டை 1:1 அளவில் வரைந்தால் இந்தப் பள்ளம் கண்ணுக்குத் தெரியாது. வரைபடத்தின் வெளிக்கோடே பெரும்பாலும் அரை மி.மீ. தடிமன் இருக்கும், பள்ளத்தின் ஆழமும் அதே அளவு. கோடுகள் ஒட்டிக்கொண்டு ஒரு மைத்தீற்றல்தான் மிஞ்சும். அதனால் வரைபவர் அந்த இடத்தை மெல்லிய வட்டத்தால் சுற்றி, A என்று எழுத்துப் போடுவார். தாளின் காலி இடத்தில் அந்தத் துண்டை மட்டும் பெரிதாக வரைந்து, மேலே A (5:1) என்று எழுதுவார். இதுதான் டீடெயில் வியூ. 5:1 என்பதில் முதல் எண் தாளுக்கு, இரண்டாவது எண் பொருளுக்கு. தாளில் 5 மி.மீ. இருந்தால் பொருளில் 1 மி.மீ.

இங்கே முதலில் தெரிய வேண்டியது: படம்தான் பெரிதாகிறது, அதில் எழுதிய எண் பெரிதாவதில்லை. அம்புக்கோட்டின் மேல் 1.3 என்று இருந்தால் பள்ளத்தின் அகலம் 1.3-தான். ‘ஐந்து மடங்கு படமாயிற்றே’ என்று அதை ஐந்தால் வகுத்தால் 0.26 வரும், அந்தப் பள்ளத்தில் எந்த வளையமும் நுழையாது. எண் எழுதாமல் விட்டுப்போன இடத்தில் மட்டுமே வகுத்தல் வேலைக்கு வரும். படத்தில் அகலம் 6.5 மி.மீ. என்று ஸ்கேல் காட்டினால், ஐந்தால் வகுக்க 1.3 கிடைக்கும். கோணத்துக்கு இந்தக் கணக்கே கிடையாது. 45 டிகிரி சாய்வு எத்தனை மடங்கு பெரிதாக்கினாலும் 45 டிகிரிதான்.

ஆழத்தில் இன்னொரு கண்ணி இருக்கிறது. டீடெயில் வியூவில் தண்டின் ஒரு விளிம்பு மட்டுமே தெரியும். படத்தில் ஆழம் 2.5 மி.மீ. என்றால் உண்மையில் 0.5. ஆனால் பள்ளம் தண்டைச் சுற்றி ஓடுவதால் எதிர்ப்பக்கமும் அதே அளவு போகும். ஆகவே பள்ளத்தின் அடி விட்டம் 20-இல் ஒரு மி.மீ. குறைந்து 19. ஒரு பக்கத்தை மறந்து 19.5-இல் நிறுத்தினால் வளையம் பாதி ஆழத்தில்தான் நிற்கும். பேரிங் தள்ளும்போது தெறித்து வெளியே வந்துவிடலாம்.

பெரிய ஏமாற்று பிரிண்டில் நடக்கிறது. A3 தாளுக்கு வரைந்ததை A4-இல் அச்சடித்தால் படம் சுமார் 71 சதவீதமாகச் சுருங்கும். ஆனால் ஓரத்தில் 5:1 என்ற எழுத்து மாறாமல் நிற்கும். 6.5 மி.மீ. அகலம் 4.6 ஆகிவிடும், ஐந்தால் வகுத்தால் 0.92. சர்க்கிலிப்பின் தடிமனோ 1.2.

இதைக் கண்டுபிடிக்க, அதே படத்தில் எண் எழுதிய வேறோர் அளவைத் தேடுங்கள். நுனியிலிருந்து பள்ளம் வரை 3 மி.மீ. என்று எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 5:1 படத்தில் அது 15 மி.மீ. இருக்க வேண்டும். ஸ்கேல் 10.6 காட்டினால் பிரிண்ட் சுருங்கியிருக்கிறது என்று தெரிந்துவிடும். அப்போது ஐந்தை மறந்துவிட்டு விகிதம் போடலாம்: 4.6-ஐ 10.6-ஆல் வகுத்து, 3-ஆல் பெருக்கினால் மீண்டும் 1.3. தாள் எவ்வளவு சுருங்கினாலும் இரண்டு அளவும் சேர்ந்தே சுருங்குவதால் விடை மாறாது.

ஆனாலும் இப்படி மீட்ட எண்ணை வைத்து நேராக லேத்துக்குப் போகக் கூடாது. ஸ்கேலில் அரை மி.மீ. பிசகினால் பொருளில் 0.1 மி.மீ. பிசகும். 1.3 என்று நினைத்தது 1.2 ஆகவும் இருக்கலாம், 1.4 ஆகவும் இருக்கலாம். எவ்வளவு கூடலாம், குறையலாம் என்ற டாலரன்ஸ் கோட்டின் நீளத்தில் இருப்பதில்லை. அது எண்ணாக எழுதினால்தான் உண்டு. அதனால்தான் பல டிராயிங்குகளின் ஓரத்தில் ‘அளந்து எடுக்காதே’ என்ற எச்சரிக்கை இருக்கும்.

சர்க்கிலிப்பில் நமக்கு ஒரு வசதி உண்டு. இது தரப்படுத்திய பொருள். 20 மி.மீ. தண்டுக்கு DIN 471 அட்டவணையைப் புரட்டினால் அகலம் 1.3, அடி விட்டம் 19 என்று எழுதியிருக்கும். அங்கே அகலத்துக்கு H13 என்ற குறியும் உண்டு: 1.3-க்குக் கீழே இறங்கக் கூடாது, மேலே 0.14 வரை போகலாம். ஸ்கேலும் வகுத்தலும் அந்த அட்டவணையின் சரியான வரிசைக்கு நம்மைக் கொண்டுபோய் விட்டால் போதும். வெட்ட வேண்டிய அளவை அந்த வரிசையில் படித்துக்கொள்ளலாம். அட்டவணை இல்லாத பள்ளம் என்றால், வரைந்தவரிடம் கேட்டு எண்ணை எழுதி வாங்குவதுதான் வழி.